தீபாவளிப் பலகாரப் பெட்டி: கடைசித் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

(நமது சங்கத்தின் செப்டம்பர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். தண்ணீர் லாரி விஷயமும் லிஃப்ட் விஷயமும் இதற்கு அடுத்து வருவதால் அதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

நம் வளாகத்தில் நான்கைந்து வீடுகளில் தீபாவளிக்குப் பலகாரம் செய்து விற்கிறார்கள். வாங்குவதும் பெரும்பாலும் நாம்தான். அக்டோபர் பிறந்தால் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். படம் அழகாக இருக்கும், பெட்டியின் மேல் தங்க நிற ரிப்பன் இருக்கும், கீழே ‘முன்பதிவு நடைபெறுகிறது’ என்று இருக்கும். அந்த அறிவிப்பில் மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால்தான் பெட்டி பண்டிகைக்குப் போய்ச் சேரும். எந்த நிகழ்ச்சிக்கு, எப்படிப்பட்ட பேக்கிங், ஆர்டர் கொடுக்கக் கடைசி நாள் எது என்பவைதான் அவை. விற்பவர்களும் கேளுங்கள், வாங்குபவர்களும் கேளுங்கள். இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்றுதான்.

போன வருடம் நடந்ததை முதலில் சொல்கிறேன். பி பிளாக்கில் இருக்கும் சகோதரி ஒருவர், அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், 46 பெட்டி விற்றார். ஒரு பெட்டி 650 ரூபாய். அதில் கால் கிலோ அதிரசம், கால் கிலோ நெய் மைசூர்பாகு, கால் கிலோ ரிப்பன் பக்கோடா, ஒரு சின்ன டப்பாவில் தீபாவளி லேகியம். அவருடைய அறிவிப்பில் இருந்தது இவ்வளவுதான்: ‘தீபாவளி ஸ்பெஷல் பெட்டி. கிஃப்ட் பேக்கிங் உண்டு. வெளியூருக்கும் அனுப்பப்படும். கடைசித் தேதி அக்டோபர் 17.’

2025-ல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. 17 வெள்ளி. மூன்று நாள் இருக்கிறதே, போதாதா என்று யாருக்கும் தோன்றும். நம் வளாகத்துக்குள் கொடுப்பதற்கு அது தாராளம். ஆனால் 12 பெட்டிகள் வெளியூருக்கு. அவற்றில் மூன்று பேர் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், அவை சேர்ந்துவிட்டன. மற்ற ஒன்பது பேரும் 16, 17 தேதிகளில் சொன்னவர்கள். 17 ராத்திரி பொரித்து, 18 சனிக்கிழமை மத்தியானம் கூரியரில் கொடுத்தார். 19 ஞாயிறு. 20 தீபாவளி. ஆக, பெட்டி நகரத் தொடங்கியதே 21-ம் தேதிதான். பெங்களூருக்குப் போனவற்றில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. கர்நாடகத்தில் 22-ம் தேதி பலிபாட்யமி விடுமுறை. 23-ம் தேதி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கூரியர்காரர் மேல் தப்பே இல்லை. ரசீதில் ‘இரண்டு முதல் மூன்று வேலை நாட்கள்’ என்று தெளிவாக இருந்தது. வேலை நாள் என்ற சொல்லை நாம்தான் கவனிப்பதில்லை.

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் வரும் பெட்டி என்பது வெறும் பலகாரம்தான். ஒன்பது பேருக்கும் அந்தச் சகோதரி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 5,850 ரூபாய், கூரியர் செலவு தனி. அந்தப் பண்டிகையில் அவர் சம்பாதித்ததில் பெரும் பங்கு அது. பணத்தைவிட அவருக்கு வருத்தம், ஒரு அம்மாவுடைய மகள் தலை தீபாவளிக்குப் புனேவிலிருந்து வர முடியாததால் அனுப்பிய பெட்டியும் அதில் ஒன்று என்பது. ‘சார், இந்த வருஷம் வெளியூர் ஆர்டரே எடுக்கப் போவதில்லை’ என்று ஆகஸ்டில் வந்து சொன்னார். வெளியூர்க்காரர்களை விட வேண்டாம், தேதியை மட்டும் சரியாகப் போடலாம் என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்து எண்ணினோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வங்கியில் கிளியரிங் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். குறித்த நேரத்துக்குள் பெட்டியில் விழுந்த காசோலைதான் அன்றைய கிளியரிங்குக்குப் போகும். ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்த நாள். அப்போது உள்ளூர் காசோலைக்கு ஒரு கணக்கு, வெளியூர் காசோலைக்கு வேறு கணக்கு இருந்தது. வசூலுக்கு அனுப்பியாகிவிட்டது என்றால் பணம் கணக்கில் ஏறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பலகாரப் பெட்டிக்கும் இதே மூன்று சங்கதிதான். ஒரு நேரக்கெடு உண்டு, ஊருக்கு ஊர் நாள் மாறும், ‘அனுப்பினோம்’ வேறு, ‘சேர்ந்தது’ வேறு.

முதலில் நிகழ்ச்சி. ‘தீபாவளிக்கு’ என்று போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஆனால் பெட்டி கையில் இருக்க வேண்டிய நாள் எல்லோருக்கும் நவம்பர் 8 இல்லை.

தலை தீபாவளிச் சீரில் வைக்கும் பெட்டி சனிக்கிழமை காலையிலேயே கையில் இருக்க வேண்டும், அன்று சாயங்காலம் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அலுவலகத்தில் கொடுப்பதற்கு என்றால் கடைசி வேலை நாள் வெள்ளி, 6-ம் தேதி. அதுவும் காலையில் தேவை. நம் வளாகத்தில் இருக்கும் வடநாட்டுக் குடும்பங்களுக்குக் கொடுப்பதென்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம் 6-ம் தேதி தன்தேரஸிலேயே தொடங்கிவிடுகிறது. சில வருடங்களில் தீபாவளியே நமக்கு ஒரு நாள், அவர்களுக்கு மறுநாள். 2018-ல் நமக்கு நவம்பர் 6, அவர்களுக்கு 7. டெல்லிக்கு அனுப்புகிறவர்கள் நம் காலண்டரை மட்டும் பார்த்து எண்ணக் கூடாது.

இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சங்கம் சார்பில் பெட்டி கொடுக்கிறோம். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் கிளப் ஹவுஸில் வைத்துக் கொடுப்பது வழக்கம். பாதிப் பேர் அதற்குள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வந்த பிறகு வாட்ச்மேன் அறையில் அடுக்கிவைத்த பெட்டியை எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய பெட்டி அது. இந்த வருடம் புதன்கிழமை, 4-ம் தேதியே கொடுத்துவிடலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றார். ஆகவே சங்கத்தின் பெட்டிக்கு ‘கையில் இருக்க வேண்டிய நாள்’ நவம்பர் 3.

இன்னொரு விஷயம், இதை யாருமே கேட்பதில்லை. பெட்டி போகிற ஊரில் வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார்களா? பெங்களூரில் இருக்கும் மகன் வெள்ளிக்கிழமை ராத்திரியே ரயிலேறி இங்கே வந்துவிட்டால், சனிக்கிழமை அங்கே போகும் பெட்டியைப் பூட்டிய கதவுதான் வரவேற்கும். ஆர்டர் வாங்கும்போதே ‘எந்த நாள் வரை வீட்டில் இருப்பார்கள்’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்தச் சகோதரியிடம் சொன்னேன். கைபேசி எண், பின்கோடு இரண்டும் வாங்குவதைப் போல இதுவும் ஒரு வரி.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பெங்களூரை எடுத்துக்கொள்வோம். கையில் கிடைக்க வேண்டிய நாள் வெள்ளி, நவம்பர் 6. சனிக்கிழமையைத் தொடவே இல்லை, அது தவறினால் இருக்கட்டும் என்று விட்ட நாள். சாதாரண நாட்களில் சென்னையிலிருந்து பெங்களூருக்கு இரண்டு வேலை நாள். தீபாவளி வாரத்தில் கூரியர் கிடங்கில் மூட்டை மலையாகக் குவிந்திருக்கும், அதற்காக இன்னும் இரண்டு நாள் சேர்த்தோம். நான்கு நாள். வெள்ளி, வியாழன், புதன், செவ்வாய் என்று பின்னால் எண்ணினால், திங்கட்கிழமை, நவம்பர் 2 கூரியரில் கொடுத்தாக வேண்டும். அதற்கு முதல் நாள் ஞாயிறு, பேக்கிங் செய்யலாம்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ‘2-ம் தேதி அனுப்புகிறோம், ஆகவே 1-ம் தேதி வரை ஆர்டர் வாங்கலாம்’ என்று போட்டுவிடுகிறார்கள். பெட்டியில் இருக்கும் பண்டம் என்ன என்று யாரும் பார்ப்பதில்லை.

மைசூர்பாகு நினைத்த நாளில் கிளறலாம். ரிப்பன் பக்கோடா ஒரு மணி நேர வேலை. அதிரசம் அப்படி இல்லை, இது இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்து, வெல்லப்பாகு வைத்து மாவைக் கிளறி, அந்த மாவை மூன்று நாளாவது வைத்திருந்தால்தான் பக்குவம் வரும். அன்றே தட்டிப் போட்டால் எண்ணெயில் பிரிந்து போகும், இல்லாவிட்டால் கல் மாதிரி இருக்கும். கிளறிய மாவில் நடுவில் இன்னும் பத்துப் பெட்டிக்கு என்று அரிசி மாவைச் சேர்க்கவும் முடியாது, பாகுக்கும் மாவுக்கும் உள்ள அளவு கெட்டுவிடும். ஆகவே எத்தனை பெட்டி என்பது மாவு கிளறும் நாளுக்கு முதல் நாளே தெரிந்தாக வேண்டும். போன வருடம் அந்தச் சகோதரி உத்தேசமாக மாவு கிளறி வைத்தார், பற்றவில்லை. கடைசியில் வந்த ஆறு பெட்டிகளில் அதிரசத்துக்குப் பதில் ரவா லாடு போனது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் அதிரசம் என்று இருந்தது.

எண்ணுவதைத் தொடர்கிறேன். ஞாயிறு, நவம்பர் 1 பேக்கிங். பொரித்த அதிரசம் எண்ணெய் வடிந்து முழுசாக ஆற ஒரு ராத்திரி வேண்டும் என்பதால் பொரிப்பது சனி, அக்டோபர் 31. மாவுக்கு மூன்று நாள் கொடுத்தால் கிளறுவது புதன், அக்டோபர் 28. ஆர்டர் எண்ணிக்கை முடிவாக வேண்டியது செவ்வாய், அக்டோபர் 27, ராத்திரி எட்டு மணி. அதுதான் பெங்களூருக்குக் கடைசித் தேதி. பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். போன வருடம் மூன்று நாள் முன்னால் போட்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பெட்டியில் எது மிக மெதுவாகத் தயாராகிறதோ அதுதான் கடைசித் தேதியை முடிவு செய்கிறது.

டெல்லி, மும்பை போன்ற தூரத்து ஊர்களுக்கு வழக்கமான நான்கு நாளோடு இரண்டு நாள் சேர்த்து ஆறு வேலை நாள் வைத்தோம். நடுவில் ஒரு ஞாயிறு வருகிறது, அதைக் கழித்துவிட வேண்டும். அப்படி எண்ணினால் அக்டோபர் 30 வெள்ளி கூரியர், 29 பேக்கிங், 28 பொரிப்பு, 25 மாவு. கடைசித் தேதி அக்டோபர் 24, சனிக்கிழமை. சென்னைக்குள் என்றால் 6-ம் தேதி பைக்கில் ஆள் வைத்து அனுப்பிவிடலாம். 5-ம் தேதி பொரிப்பு, 2-ம் தேதி மாவு, ஆகவே கடைசித் தேதி நவம்பர் 1. நம் வளாகத்துக்குள்ளும் இதே தேதிதான். ஆனால் அதிரசம் வேண்டாம், இரண்டு மடங்கு மைசூர்பாகு போதும் என்பவர்கள் 4-ம் தேதி வரை சொல்லலாம்.

சங்கத்துப் பெட்டி இதில் எங்கே வருகிறது என்று பொருளாளர் கேட்டார். 3-ம் தேதி கையில் வேண்டும் என்பதால் அது பெங்களூர் பெட்டிகளோடு சேர்ந்து 31-ம் தேதி பொரிக்கும் அணியில் போகிறது. ஆக, நிர்வாகக் குழு எண்ணிக்கையைச் சொல்ல வேண்டிய நாளும் அக்டோபர் 27தான்.

‘இவ்வளவு சீக்கிரம் செய்தால் பண்டம் பழசாகிவிடாதா’ என்று கேட்பது நியாயம். இது எதிர்ப்பக்கக் கணக்கு. பின்னாலிருந்து எண்ணும்போது சீக்கிரம் செய் என்கிறது, பண்டத்தின் ஆயுளோ தள்ளிச் செய் என்கிறது. இரண்டும் ஒத்துவருகிற பண்டம்தான் வெளியூர்ப் பெட்டிக்கு ஏற்றது. 31-ம் தேதி பொரித்த அதிரசத்துக்கு 8-ம் தேதி எட்டு நாள் வயது. நன்றாக ஆறவைத்தது அதைத் தாங்கும், சொல்லப்போனால் இரண்டு நாள் கழிந்த அதிரசம்தான் ருசி. மைசூர்பாகும் ரிப்பன் பக்கோடாவும் தாங்கும். பால்கோவா, பால் சேர்த்த பர்ஃபி, தேங்காய் பர்ஃபி தாங்காது. அவற்றை வளாகத்துக்குள் கொடுக்கும் பெட்டியில் மட்டும் வைக்கச் சொன்னேன். அறிவிப்பில் வெளியூர் பெட்டிக்கும் பால்கோவா போட்டிருந்தால் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எந்த நாள் செய்தது, எந்த நாள் வரை சாப்பிடலாம்? சில்லறையாக விற்கும் இனிப்புக்கே ‘இந்தத் தேதிக்குள் உண்ணவும்’ என்று கடையில் எழுதிவைக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் உத்தரவு போட்டிருக்கிறது. வீட்டில் செய்து விற்பவர்களும் அந்த ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 14 இலக்க எண் கொடுப்பார்கள், அதையும் பெட்டியில் போட வேண்டும். நம் சகோதரி வாங்கிவிட்டார்.

அடுத்தது பேக்கிங். ‘கிஃப்ட் பேக்கிங் உண்டு’ என்ற மூன்று சொல்லுக்குள் என்னென்னவோ ஒளிந்திருக்கும்.

முதலாவது எடை. ‘ஒரு கிலோ பெட்டி’ என்றால் பண்டம் ஒரு கிலோவா, அட்டையும் சேர்த்து ஒரு கிலோவா? சட்டப்படி நிகர எடை என்பது பண்டத்தின் எடை மட்டும்தான். பெட்டியையும் தட்டையும் சேர்த்து நிறுத்து இனிப்பு விலை போடக் கூடாது. கனமான அலங்கார அட்டைப் பெட்டி தனியாகவே நூற்றைம்பது, இருநூறு கிராம் வரும். கிலோ எண்ணூறு ரூபாய் இனிப்பில் இருநூறு கிராம் அட்டை என்றால் 160 ரூபாய்க்கு அட்டை வாங்குகிறோம். ஆகவே அறிவிப்பில் ‘நிகர எடை 750 கிராம்’ என்று போடச் சொன்னேன்.

இரண்டாவது, பெட்டிக்குள் என்ன பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது. நெய் மைசூர்பாகு நெய்யைக் கசியவிடும், அதற்கு அடியிலும் மேலும் பட்டர் பேப்பர். ரிப்பன் பக்கோடா இனிப்போடு திறந்த அறையில் இருந்தால் இரண்டே நாளில் நமுத்துப் போகும், அதற்குத் தனியாக ஒட்டிய பை வேண்டும். லேகியம் மூடி இறுகிய டப்பாவில், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி. சூடு ஆறாத பண்டத்தை மூடிவிட்டால் மூடியின் உட்பக்கம் வியர்க்கும், அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். பெட்டியைத் திறந்ததும் பட்டர் பேப்பர் ஈரமாக, சுருங்கி இருந்தால் சூட்டோடு அடைத்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, கிஃப்ட் பெட்டி வேறு, கூரியர் பெட்டி வேறு. தங்க ரிப்பன் கட்டிய பெட்டியை அப்படியே கூரியரில் போட்டால் போய்ச் சேரும்போது ரிப்பனும் இருக்காது, மூலைகளும் இருக்காது. அதற்கு மேல் ஒரு முரட்டு அட்டைப் பெட்டி வேண்டும், இடைவெளியில் கசக்கிய காகிதம் திணிக்க வேண்டும். ஆனால் அந்த வெளிப் பெட்டி பெரிதாகக் கூடாது. பல கூரியர்கள் எடையைத் தராசில் மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும் கிலோவாக எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். போன வருடம் அவர் வாங்கிய வெளிப் பெட்டி 30, 25, 12. பெருக்கினால் 9,000. வகுத்தால் 1.8 கிலோ. தராசில் பெட்டியின் எடை 1.1 கிலோதான். 700 கிராம் காற்றுக்குப் பணம் கட்டியிருக்கிறார். இந்த வருடம் 24, 18, 10 அளவில் பார்த்துவைத்திருக்கிறோம். கணக்குப்படி 0.86 கிலோ வருகிறது, ஆகவே தராசு எடைக்கே கட்டினால் போதும்.

பெட்டியின் மேல் உங்கள் பெயர் அச்சிட வேண்டுமானால் அது தனித் தேதி. ஆண்டர்சன் தெருவில் விசாரித்தோம். பண்டிகை மாதத்தில் அச்சுக்கு ஒரு வாரமாவது கேட்கிறார்கள், நூறுக்குக் குறைந்தால் எடுக்க யோசிக்கிறார்கள். அதனால் பெயர் அச்சிட்ட பெட்டிக்குக் கடைசித் தேதி அக்டோபர் 15 என்று வைத்தோம். கையால் எழுதிய வாழ்த்து அட்டை போதும் என்றால் அதற்குத் தனித் தேதி கிடையாது. விலைச் சீட்டும் ரசீதும் ஆர்டர் கொடுத்தவருக்கு வாட்ஸ்அப்பில் போகும், பெட்டிக்குள் போகாது. பரிசைத் திறப்பவர் முதலில் பார்ப்பது 650 ரூபாய் ரசீதாக இருக்க வேண்டாமே.

பெட்டியில் சேர்க்கக் கூடாததும் ஒன்று உண்டு. ‘பேரனுக்கு ஒரு மத்தாப்புப் பெட்டியும் சேர்த்துவிடுங்கள்’ என்று கேட்கிறார்களாம். மத்தாப்பு, தீப்பெட்டி, கற்பூரம் எதையும் கூரியரிலோ தபாலிலோ அனுப்பக் கூடாது. ஸ்கேன் செய்யும் இடத்தில் பிடித்தால் பெட்டி முழுவதும் நின்றுவிடும், அதிரசமும் சேர்ந்து நிற்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதைப் பற்றி இரண்டு வார்த்தை. அந்தச் சகோதரி வெளிநாட்டு ஆர்டர் எடுக்கவில்லை, நானும் எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அங்கே சுங்கம் இருக்கிறது, உணவுப்பொருள் விதி நாட்டுக்கு நாடு வேறு. நம் கையில் இல்லாத காரணங்களுக்காக வழியே அடைபடுவதும் உண்டு. போன வருடம் அமெரிக்கா சுங்கச் சலுகையை நிறுத்தியதால் நம் தபால் துறை ஆகஸ்ட் 25 முதல் அங்கே பார்சல் எடுப்பதை நிறுத்திவைத்தது, மறுபடி தொடங்கியது அக்டோபர் 15. தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால். அந்த வருடம் யார் என்ன தேதி போட்டிருந்தாலும் தபாலில் அது நிறைவேறியிருக்காது. பிள்ளைகள் அங்கே இருப்பவர்கள், அங்கேயே இருக்கும் கடையில் இங்கிருந்து பணம் கட்டி அனுப்பச் சொல்வது மேல்.

எல்லாவற்றையும் சேர்த்து இந்த வருட அறிவிப்பை எழுதினோம். அக்டோபர் 5 அன்று குழுவில் வரும். எப்படி இருக்கும் என்று படித்துக் காட்டுகிறேன்.

‘தீபாவளிப் பலகாரப் பெட்டி. பண்டிகை: நவம்பர் 8, ஞாயிறு. உள்ளே: அதிரசம் 250 கிராம், நெய் மைசூர்பாகு 250 கிராம், ரிப்பன் பக்கோடா 250 கிராம், லேகியம் ஒரு டப்பா. லேகியம் நீங்கலாக நிகர எடை 750 கிராம். செய்த தேதியும் உண்ண வேண்டிய தேதியும் பெட்டியில் இருக்கும். பேக்கிங்: பரிசுப் பெட்டி, கையால் எழுதிய வாழ்த்து அட்டை, விலைச் சீட்டு இல்லை. வெளியூருக்கு மேலே ஒரு கெட்டி அட்டைப் பெட்டி. ஆர்டருக்குக் கடைசி நாள், ராத்திரி 8 மணி வரை: டெல்லி, மும்பை, கொல்கத்தா அக்டோபர் 24. பெங்களூரு, ஹைதராபாத், தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் அக்டோபர் 27. சென்னையும் நம் வளாகமும் நவம்பர் 1. அதிரசம் இல்லாத பெட்டி, வளாகத்துக்குள் மட்டும், நவம்பர் 4. பெயர் அச்சிட அக்டோபர் 15. இந்தத் தேதிகளுக்குள் பணம் கட்டியவர்களுக்கு, வெளியூர், சென்னைப் பெட்டிகள் நவம்பர் 6-க்குள்ளும், வளாகத்துப் பெட்டிகள் நவம்பர் 7 காலையிலும் கையில் சேரும். சேராவிட்டால் பணம் முழுவதும் திருப்பித் தரப்படும். மொத்தம் 80 பெட்டிகள் மட்டும்.’

இதில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ‘அனுப்பப்படும்’ என்று இல்லை, ‘கையில் சேரும்’ என்று இருக்கிறது. வேறு யாருடைய அறிவிப்பைப் படித்தாலும் இந்தச் சொல்லைத் தேடுங்கள். ‘நவம்பர் 4 வரை அனுப்புவோம்’ என்பவர் நவம்பர் 4 அன்று கூரியரில் போட்டுவிட்டால் அவர் சொன்னதைச் செய்துவிட்டார், உங்கள் பெட்டி எங்கே இருந்தாலும். இரண்டாவது, ‘பணம் கட்டியவர்களுக்கு’ என்பது. குழுவில் ‘எனக்கு இரண்டு’ என்று கட்டைவிரல் படம் போடுவது ஆர்டர் ஆகாது. போன வருடம் அப்படிச் சொன்ன நான்கு பேர் பிறகு வாங்கவில்லை, அந்தப் பண்டம் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

80 என்ற எண்ணிக்கை ஏன் என்று ஒருவர் கேட்டார். வீட்டு அடுப்பில், இரண்டு பேர் உழைப்பில், ஒரு நாளில் பொரிக்க முடிவது முப்பது பெட்டிக்குள்தான். மூன்று பொரிப்பு நாள் இருக்கிறது, அக்டோபர் 28, 31, நவம்பர் 5. கொஞ்சம் கையிருப்பு விட்டு 80. அதற்குமேல் ஆர்டர் வந்தால் தேதி பாக்கி இருந்தாலும் மூடிவிடச் சொல்லியிருக்கிறேன்.

கூரியர்காரர் தேதி மாற்றினால், அல்லது நவம்பர் முதல் வாரத்தில் வழக்கம்போல மழை அடித்து ரோடு மூழ்கினால், என்ன செய்வது என்று டி பிளாக்கிலிருந்து கேள்வி வந்தது. அதற்குத்தான் அந்த இரண்டு நாள் கூடுதலும், தொடாமல் விட்ட சனிக்கிழமையும். அதையும் தாண்டி மழை வந்தால் பணம் திரும்பும் என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. அவ்வளவுதான் செய்ய முடியும்.

சங்கத்தின் பணியாளர் பெட்டிக்கு எத்தனை பேர் என்ற பட்டியலை, இரவு ஷிஃப்ட் ஆட்களையும் தோட்டக்காரரையும் விடாமல், அக்டோபர் 20-க்குள் என்னிடம் கொடுத்துவிடுங்கள். போன வருடம் தோட்டக்காரர் பெயர் விட்டுப்போயிருந்தது.